மார்க்கெட் கேப் சின்னதாக இருந்தால் கம்பெனி மலிவா? கடனையும் சேர்த்துக் கணக்கிடுவது எப்படி?

ஜொகூர் பாருவில் ஒரு மாலை. புதிதாக வேலைக்குச் சேர்ந்த நண்பர்கள் இரண்டு பேர் தே தாரிக் குடித்துக்கொண்டே பங்குச் சந்தை செயலியைத் திறந்து பார்க்கிறார்கள். ஒரே தொழிலில் இரண்டு நிறுவனங்கள். ஒன்றின் மார்க்கெட் கேப் 1 பில்லியன் ரிங்கிட், இன்னொன்று 600 மில்லியன். "ரெண்டும் ஒரே மாதிரிதான் சம்பாதிக்குது. அப்போ 600 மில்லியன் உள்ளதுதானே மலிவு? அதையே வாங்கிடலாம்" என்கிறார் ஒருவர்.

கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்த முடிவில் ஒரு ஓட்டை உண்டு. அந்த 600 மில்லியனுக்குப் பின்னால் எவ்வளவு கடன் இருக்கிறது என்பதை அவர் பார்க்கவே இல்லை. உங்கள் முதல் சம்பளச் சேமிப்பைப் பங்கில் போடுவதற்கு முன்பு, இந்த ஒரு கணக்கைப் போடத் தெரிந்திருப்பது நல்லது.

முதலில் ஒரு வீட்டுக் கணக்கு

ஸ்கூடாயில் ஒரே வரிசையில், ஒரே அளவில் இரண்டு வீடுகள் விற்பனைக்கு வருகின்றன என்று வைத்துக்கொள்வோம்.

முதல் வீட்டுக்காரர், "450,000 ரிங்கிட் கொடுங்க. கடன் எதுவும் இல்லை, சாவியை வாங்கிக்கலாம்" என்கிறார். இரண்டாவது வீட்டுக்காரர், "எனக்கு 200,000 கொடுத்தா போதும். ஆனா பேங்க்ல 300,000 பாக்கி இருக்கு. அதை நீங்கதான் கட்டணும்" என்கிறார்.

இரண்டாவது வீடு 200,000 ரிங்கிட்டுக்குக் கிடைக்கிறது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அந்த வீட்டின் உண்மையான விலை 500,000. முதல் வீட்டைவிட 50,000 அதிகம். அந்த வீட்டு அலமாரியில் 20,000 ரிங்கிட் ரொக்கத்தை வைத்துவிட்டுப் போவதாக அவர் சொன்னால், விலை 480,000 ஆகக் குறையும்.

நிறுவனங்களுக்கும் இதே கணக்குதான். 200,000 என்பது மார்க்கெட் கேப், அதாவது சந்தை மூலதன மதிப்பு. 480,000 என்பது இவி என்று சுருக்கமாகச் சொல்லப்படும் முழு நிறுவன மதிப்பு.

மார்க்கெட் கேப் கண்டுபிடிப்பது எளிது. வெளியில் உள்ள மொத்தப் பங்குகளின் எண்ணிக்கையை ஒரு பங்கின் இன்றைய விலையால் பெருக்கினால் போதும். அது பங்குதாரர்களுக்குச் சொந்தமான பகுதியின் விலையை மட்டுமே சொல்கிறது. தொழிலுக்குப் பணம் போட்டவர்கள் பங்குதாரர்கள் மட்டும் இல்லையே. வங்கியும் சுகுக் வாங்கியவர்களும்கூடப் பணம் போட்டிருக்கிறார்கள். எல்லோருடைய பங்கையும் சேர்த்தால்தான் தொழிலின் முழு விலை தெரியும்.

```
முழு நிறுவன மதிப்பு (EV) = மார்க்கெட் கேப்
                         + மொத்தக் கடன்
                         + துணை நிறுவனங்களில் வெளியார் பங்கு
                         - கையிருப்பு ரொக்கம்
                         - இணை நிறுவனங்களில் உள்ள முதலீடு
```

ரொக்கத்தை ஏன் கழிக்கிறோம்? அலமாரிப் பணத்துக்கு உள்ள அதே காரணம்தான். நிறுவனத்தை முழுதாக வாங்குபவர் அந்த ரொக்கத்தைக் கொண்டு கடனின் ஒரு பகுதியை அடைத்துவிடலாம். மூன்றாவது, ஐந்தாவது வரிகள் ஏன் வருகின்றன என்பதை ஜொகூர் துறைமுகக் கதையில் பார்ப்போம்.

நண்பர்களின் இரண்டு நிறுவனங்கள்

இப்போது தே தாரிக் மேசைக்குத் திரும்புவோம். அங்கே பேசப்பட்ட இரண்டையும் பாசிர் கூடாங்கில் கிடங்கும் லோரிகளும் வைத்திருக்கும் கற்பனை நிறுவனங்கள் என்று எடுத்துக்கொள்வோம். பெயர் அ, ஆ. எண்கள் விளக்கத்துக்காக மட்டுமே.

நிறுவனம் அ: 500 மில்லியன் பங்குகள், விலை 2 ரிங்கிட். மார்க்கெட் கேப் 1,000 மில்லியன். கடன் 100 மில்லியன், கையிருப்பு 200 மில்லியன்.

நிறுவனம் ஆ: 300 மில்லியன் பங்குகள், விலை 2 ரிங்கிட். மார்க்கெட் கேப் 600 மில்லியன். கடன் 800 மில்லியன், கையிருப்பு 50 மில்லியன்.

கூட்டிக் கழித்துப் பார்த்தால், அ நிறுவனத்தின் இவி 900 மில்லியன். ஆ நிறுவனத்தின் இவி 1,350 மில்லியன். வரிசை தலைகீழாக மாறிவிட்டது. மார்க்கெட் கேப்பில் 40 விழுக்காடு சின்னதாகத் தெரிந்த நிறுவனம், இவியில் 50 விழுக்காடு பெரியது.

பெரியதாக இருப்பது தப்பில்லை, அதற்கேற்பச் சம்பாதித்தால். எனவே அடுத்து வருமானத்தோடு ஒப்பிட வேண்டும். அதற்கு எபிட்டா என்ற அளவைப் பயன்படுத்துவார்கள். வட்டி, வரி, தேய்மானம் ஆகியவற்றைக் கழிப்பதற்கு முன் தொழில் ஈட்டிய லாபம் அது. கடன் கொடுத்தவருக்கும் பங்குதாரருக்கும் பங்கு பிரிப்பதற்கு முன்னால் உள்ள தொகை. இவியும் எல்லோருக்கும் சேர்ந்த மதிப்பு என்பதால் இரண்டும் பொருத்தமான ஜோடி.

இரண்டு நிறுவனங்களும் ஆண்டுக்கு 150 மில்லியன் எபிட்டா ஈட்டுகின்றன என்று வைத்துக்கொள்வோம். அ நிறுவனத்தை வாங்க 6 ஆண்டு எபிட்டாவுக்குச் சமமான விலை கொடுக்கிறீர்கள். ஆ நிறுவனத்துக்கு 9 ஆண்டு. ஒரே வருமானத்துக்கு ஆவில் பாதி மடங்கு கூடுதல் விலை.

பிஇ விகிதம் பார்த்தால் போதாதா?

"நான் மார்க்கெட் கேப்பை மட்டும் பார்க்கறதில்ல, பிஇ-யும் பார்ப்பேன்" என்று நீங்கள் சொல்லலாம். பங்கு விலையை ஒரு பங்குக்கான லாபத்தால் வகுப்பதுதான் பிஇ. அதையும் போட்டுப் பார்ப்போம்.

இரண்டுக்கும் தேய்மானம் 40 மில்லியன். மிஞ்சுவது 110 மில்லியன். கடனுக்கு ஆண்டு வட்டி 5 விழுக்காடு என்றால், அ கட்டுவது 5 மில்லியன், ஆ கட்டுவது 40 மில்லியன். வட்டிக்குப் பிறகு அவிடம் 105, ஆவிடம் 70. மலேசியாவின் 24 விழுக்காடு நிறுவன வரியைக் கழித்தால் நிகர லாபம் முறையே 79.8 மில்லியன், 53.2 மில்லியன். எளிமைக்காக, கையிருப்புப் பணம் ஈட்டும் வட்டியை இங்கே விட்டுவிட்டோம்.

பிஇ கணக்கு: அ 12.5, ஆ 11.3. அதாவது பிஇ பார்த்தாலும் ஆதான் மலிவாகத் தெரிகிறது!

இது ஏன்? பிஇ கணக்கு கடனை முழுவதும் மறைப்பதில்லை. லாபத்தில் வட்டி ஏற்கெனவே கழிக்கப்பட்டுவிட்டது. ஆனால் கடனின் வருடாந்தரச் செலவு மட்டும்தான் அங்கே தெரிகிறது, அசல் தெரிவதில்லை. ஆ நிறுவனம் 800 மில்லியன் கடனுக்கு 5 விழுக்காடு கட்டுகிறது. பங்குதாரரோ 11.3 பிஇயில் வாங்கி, போட்ட பணத்தில் ஏறக்குறைய 9 விழுக்காடு வருவாய் எதிர்பார்க்கிறார். மலிவான கடன் பணம் அதிகமாகக் கலந்திருப்பதால் பங்குக்கான லாபம் பார்வைக்கு நன்றாகத் தெரிகிறது. அந்த லாபம் எவ்வளவு ஆட்டம் காணக்கூடியது என்பதை பிஇ எண் சொல்வதில்லை.

தொழில் ஆட்டம் கண்டால் என்ன ஆகும்?

ஒரு மோசமான ஆண்டு வருகிறது. சரக்கு குறைகிறது. இரண்டு நிறுவனங்களின் எபிட்டாவும் 20 விழுக்காடு விழுந்து 120 மில்லியனாகிறது. சந்தை அதே 6 மடங்கு, 9 மடங்கு விலையைத்தான் இன்னும் கொடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம்.

அ நிறுவனத்தின் இவி 720 மில்லியன். அதனிடம் கடனைவிட ரொக்கம் 100 மில்லியன் அதிகம். ஆக, பங்குதாரருக்கு 820 மில்லியன். ஒரு பங்கு 1.64 ரிங்கிட். 18 விழுக்காடு வீழ்ச்சி.

ஆ நிறுவனத்தின் இவி 1,080 மில்லியன். அதிலிருந்து நிகரக் கடன் 750 மில்லியனை முதலில் கழிக்க வேண்டும். கடன்காரர் தொழில் குறைந்தது என்பதற்காகத் தன் அசலைக் குறைத்துக்கொள்ள மாட்டார். மிஞ்சுவது 330 மில்லியன். ஒரு பங்கு 1.10 ரிங்கிட். 45 விழுக்காடு வீழ்ச்சி.

தொழிலுக்கு விழுந்த அடி ஒன்றுதான். ஆவில் 2,000 ரிங்கிட் போட்டவருக்கு மிஞ்சியது 1,100. அவில் போட்டவருக்கு 1,640. வித்தியாசம் முழுவதும் கடனால் வந்தது. நல்ல ஆண்டில் இதே கணக்கு தலைகீழாக வேலை செய்து, ஆவின் பங்கு அவைவிட வேகமாக ஏறும் என்பதையும் மறக்க வேண்டாம். கடன் அதிகமுள்ள நிறுவனம் என்றாலே கெட்டது என்று பொருள் இல்லை. நீங்கள் எதை வாங்குகிறீர்கள் என்று தெரிந்து வாங்க வேண்டும், அவ்வளவுதான்.

ஜொகூரின் உண்மைக் கதை: எம்எம்சியும் வெஸ்ட்போர்ட்சும்

2021 ஜூன் மாதம் புர்சா மலேசியாவில் ஒரு பெரிய அறிவிப்பு வந்தது. ஜொகூரின் தஞ்சோங் பெலேபாஸ் துறைமுகத்தை நடத்தும் எம்எம்சி கார்ப்பரேஷன் நிறுவனத்தை, அதன் பெரும்பான்மைப் பங்குதாரரான சீபோர்ட் டெர்மினல் (ஜொகூர்) நிறுவனம் முழுமையாகத் தன்வசப்படுத்த முன்வந்தது. இந்த நிறுவனம் தொழிலதிபர் சைட் மொக்தார் அல்புகாரியுடையது. மற்ற பங்குதாரர்களுக்குக் கொடுக்க முன்வந்த விலை, ஒரு பங்குக்கு 2 ரிங்கிட்.

எம்எம்சிக்கு ஏறக்குறைய 3.045 பில்லியன் பங்குகள் இருந்தன. சீபோர்ட் டெர்மினலிடம் ஏற்கெனவே 51.76 விழுக்காடு இருந்ததால், மீதிப் பங்குகளுக்கு அது கொடுக்க வேண்டியது சுமார் 2.94 பில்லியன் ரிங்கிட். செய்தித் தலைப்புகளில் பெரிதாக வந்தது இந்த 2.94 பில்லியன்தான்.

ஆனால் அது நிறுவனத்தின் விலை இல்லை, பாதிக்கும் சற்றுக் குறைவான பங்குகளின் விலை. எல்லாப் பங்குகளையும் 2 ரிங்கிட்டில் கணக்கிட்டால் மார்க்கெட் கேப் சுமார் 6.09 பில்லியன். அதுவும் தொழிலின் முழு விலை இல்லை.

இதைப் பக்கத்தில் ஒரு நிறுவனத்தோடு வைத்துப் பாருங்கள். சிலாங்கூரின் புலாவ் இண்டாவில் உள்ள வெஸ்ட்போர்ட்ஸ், காலஞ்சென்ற டான் ஸ்ரீ ஞானலிங்கம் உருவாக்கிய துறைமுக நிறுவனம், 2013 அக்டோபரில் புர்சாவில் பட்டியலிடப்பட்டது. அதற்கு 3.41 பில்லியன் பங்குகள் இருந்தன. 2021இன் நடுப்பகுதியில் பங்கு விலை 4 ரிங்கிட்டுக்குச் சற்று மேல். மார்க்கெட் கேப் சுமார் 14 பில்லியன்.

2020ஆம் ஆண்டில் தஞ்சோங் பெலேபாஸ் துறைமுகமும் வெஸ்ட்போர்ட்சும் தலா ஏறக்குறைய 10 மில்லியன் கொள்கலன்களை, 20 அடி கொள்கலன் கணக்கில், கையாண்டன. எம்எம்சியிடம் அதோடு பாசிர் கூடாங்கின் ஜொகூர் துறைமுகம், கிள்ளானின் நோர்த்போர்ட், பினாங்குத் துறைமுகம், செனாய் விமான நிலையம் எல்லாம் இருந்தன. அப்படியிருந்தும் அதன் மார்க்கெட் கேப் வெஸ்ட்போர்ட்சின் பாதிகூட இல்லை. "அப்போ எம்எம்சியை பாதி விலைக்குக் கொடுத்துட்டாங்களா?" என்று கேட்கத் தோன்றும்.

இவி வரிகளை ஒவ்வொன்றாக நிரப்பிப் பார்த்தால்தான் இதற்குப் பதில் தேட முடியும்.

முதல் வரி, கடன். எம்எம்சி குழுமத்தின் கணக்கில் பல பில்லியன் ரிங்கிட் கடன் இருந்தது. துறைமுகம், விமான நிலையம், பொறியியல் பணிகள் எல்லாமே நிறைய முதலீடு கேட்பவை. வெஸ்ட்போர்ட்சுக்கும் சுகுக் கடன் உண்டு, ஆனால் அதன் 14 பில்லியன் மதிப்போடு பார்த்தால் அது சிறியது. இந்த ஒரு வரியைச் சேர்த்ததுமே இரண்டுக்கும் இடையிலான இடைவெளி பெரிதும் சுருங்கிவிடுகிறது.

இரண்டாவது வரி, வெளியார் பங்கு. தஞ்சோங் பெலேபாஸ் துறைமுகத்தில் எம்எம்சிக்கு 70 விழுக்காடுதான். மீதி 30 விழுக்காடு மேர்ஸ்க் குழுமத்தின் ஏபிஎம் டெர்மினல்ஸ் நிறுவனத்துக்குச் சொந்தம். ஆனால் கணக்கியல் விதிப்படி, பெரும்பான்மை கையில் இருந்தால் துறைமுகத்தின் முழு வருமானத்தையும் எம்எம்சி தன் கணக்கில் காட்டும். எபிட்டாவில் 100 விழுக்காடு வருகிறது, மார்க்கெட் கேப்பில் 70 விழுக்காடு மட்டும்தான் பிரதிபலிக்கிறது. அதனால்தான் ஏபிஎம்மின் 30 விழுக்காட்டு மதிப்பை இவியில் கூட்ட வேண்டியிருக்கிறது. கூட்டாமல் விட்டால் எம்எம்சி உண்மையைவிட மலிவாகத் தெரியும்.

இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. இருப்புநிலைக் குறிப்பில் வெளியார் பங்கு பழைய கணக்கு மதிப்பில்தான் இருக்கும். நன்றாக நடக்கும் துறைமுகத்தின் 30 விழுக்காட்டை அந்த விலைக்கு யாரும் விற்க மாட்டார்கள். ஆகவே கணக்குப் புத்தக எண்ணை அப்படியே போட்டால், இவி பெரும்பாலும் குறைவாகவே வரும்.

மூன்றாவது வரி, கழிக்க வேண்டியது. மின்னுற்பத்தி செய்யும் மலாக்கோப்பில் எம்எம்சிக்குச் சுமார் 38 விழுக்காடும், கேஸ் மலேசியாவில் சுமார் 31 விழுக்காடும் பங்கு இருந்தது. இவை இணை நிறுவனங்கள், பாதிக்கும் குறைவான பங்கு. எனவே இவற்றின் விற்பனையோ எபிட்டாவோ எம்எம்சி கணக்கில் வருவதில்லை, லாபத்தில் ஒரு பங்கு மட்டும் ஒரு வரியாக வரும். ஆனால் எம்எம்சி பங்கை வாங்குபவர் இந்த முதலீடுகளுக்கும் சேர்த்துத்தான் விலை கொடுக்கிறார். துறைமுகத்தை மட்டும் வெஸ்ட்போர்ட்சோடு ஒப்பிட வேண்டுமென்றால் இவற்றின் மதிப்பைக் கழிக்க வேண்டும். இரண்டுமே புர்சாவில் பட்டியலிடப்பட்டவை என்பதால் அந்த மதிப்பைச் சந்தை விலையிலேயே கணக்கிட முடிந்தது.

இத்தனையும் செய்த பிறகு மிஞ்சும் வித்தியாசத்தைப் பற்றித்தான் "மலிவா, விலை அதிகமா" என்று விவாதிக்க முடியும். வெஸ்ட்போர்ட்ஸ் ஒரே இடத்தில், ஒரே தொழிலைச் செய்யும் நிறுவனம். எம்எம்சி பல தொழில்கள் கலந்த குழுமம். அதற்குச் சந்தை குறைவான விலை கொடுப்பது நியாயமா என்பது வேறு கேள்வி. ஆனால் 6 பில்லியனையும் 14 பில்லியனையும் நேரடியாக ஒப்பிட்டு அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல முடியாது.

பங்கு விற்றுக் கடன் அடைத்தால் என்ன மாறும்?

இன்னொரு ஜொகூர் உதாரணம். ஜொகூர் கார்ப்பரேஷன் குழுமத்தைச் சேர்ந்த, சுமார் 60,000 ஹெக்டேர் நிலம் வைத்திருக்கும் செம்பனை நிறுவனமான ஜொகூர் பிளாண்டேஷன்ஸ் குரூப், 2024 ஜூலையில் புர்சாவில் பட்டியலிடப்பட்டது. வெளியீட்டு விலை 84 சென். மொத்தம் 2.5 பில்லியன் பங்குகள். மார்க்கெட் கேப் 2.1 பில்லியன்.

அந்த 2.5 பில்லியனில் 464 மில்லியன் பங்குகள் புதிதாக வெளியிடப்பட்டவை. அவற்றால் நிறுவனத்துக்குள் வந்த பணம் சுமார் 390 மில்லியன் ரிங்கிட். அதற்கு முன் இருந்த 2,036 மில்லியன் பங்குகளை அதே 84 சென்னில் கணக்கிட்டால் 1,710 மில்லியன்தான். அதாவது மார்க்கெட் கேப் ஒரே நாளில் 390 மில்லியன் கூடியது.

தோட்டத்தில் ஒரு மரம்கூடக் கூடவில்லையே, தொழிலின் மதிப்பு எப்படிக் கூடியது? கூடவில்லை. வந்த 390 மில்லியன் ரொக்கமாக உள்ளே இருக்கும்வரை இவியில் அது கழிக்கப்படும். அதைக் கொண்டு கடனை அடைத்தால் கடன் வரி அதே அளவு குறையும். எந்த வழியிலும் வெளியீட்டுச் செலவைத் தவிர இவி மாறாது. அதனால்தான் புதிய பங்கு வெளியிட்ட நிறுவனத்தின் மார்க்கெட் கேப் "வளர்ந்திருக்கிறது" என்று படித்தால், பங்கு விலை ஏறியதா, பங்கு எண்ணிக்கை கூடியதா என்று கேளுங்கள்.

நீங்களே எப்படிக் கணக்கிடுவது?

புர்சா மலேசியா இணையத்தளத்தில் நிறுவனத்தின் காலாண்டு அறிக்கையைத் திறங்கள். Statement of Financial Position என்ற பக்கம்தான் உங்களுக்கு வேண்டும்.

1. கடன் இரண்டு இடத்தில் இருக்கும். Non-current liabilities பகுதியில் ஒன்று, Current liabilities பகுதியில் ஒன்று. இரண்டையும் கூட்டுங்கள். பலர் முதலாவதை மட்டும் எடுத்துவிடுகிறார்கள். ஒரு ஆண்டுக்குள் கட்ட வேண்டியது இரண்டாவதில்தான் இருக்கிறது.
2. "லோன்" என்ற சொல்லை மட்டும் தேடாதீர்கள். மலேசியாவில் பெரும் பகுதிக் கடன் சுகுக், இஸ்லாமிய நிதி வசதி என்ற பெயர்களில் இருக்கும். இவிக்கு அதுவும் கடன்தான்.
3. Equity பகுதியின் கடைசியில் Non-controlling interests என்ற வரியைப் பாருங்கள். அதுதான் வெளியார் பங்கு.
4. Associates, Joint ventures வரிகளில் உள்ளது கழிக்க வேண்டிய முதலீடு.
5. பங்கு எண்ணிக்கையைச் செயலியில் எடுக்காமல் அறிக்கையிலேயே எடுங்கள். அண்மையில் போனஸ் பங்கு, உரிமைப் பங்கு வெளியீடு இருந்தால் செயலி பின்தங்கியிருக்கலாம்.

எங்கே தவறு நடக்கும்?

முதல் கண்ணி, முடிவுத் தேதி இல்லாத சுகுக். ஆங்கில அறிக்கையில் Perpetual sukuk என்று வரும். இதைக் கணக்கியல் விதிப்படி கடன் பகுதியில் காட்டாமல் மூலதனப் பகுதியில் காட்ட முடியும். ஆனால் அதை வாங்கியவர்களுக்கு நிறுவனம் பங்குதாரருக்கு முன்பாகப் பணம் கொடுத்தாக வேண்டும். எனவே இவி போடும்போது அதைக் கூட்டுங்கள். கூட்டாமல் விட்டால் ஒரு நிறுவனம் திடீரென்று கடன் குறைந்தது போலவும் மலிவானது போலவும் தெரியும்.

இரண்டாவது, கைகட்டிய ரொக்கம். கடன் ஒப்பந்தப்படி ஒதுக்கி வைத்த பணம், வீட்டு மேம்பாட்டுக் கணக்கில் உள்ள வாடிக்கையாளர் பணம் போன்றவையும் ரொக்கக் கணக்கில் சேர்ந்திருக்கும். அதைக் கொண்டு நினைத்தபடி கடன் அடைக்க முடியாது. அறிக்கையின் குறிப்புகளில் இது எழுதப்பட்டிருக்கும். அந்தப் பகுதியைக் கழிக்காமல் விடுங்கள்.

மூன்றாவது, குத்தகை. 2019 ஜனவரி முதல் நடப்பிலுள்ள விதிப்படி, நீண்டகாலக் குத்தகையும் Lease liabilities என்ற பெயரில் கடனைப் போலவே காட்டப்படுகிறது. வாடகைச் செலவு தேய்மானமாகவும் வட்டியாகவும் பிரிக்கப்படுவதால் எபிட்டாவும் உயர்ந்து தெரியும். உயர்ந்த எபிட்டாவைப் பயன்படுத்தினால் குத்தகைக் கடனையும் இவியில் கூட்ட வேண்டும். ஒரு நிறுவனத்துக்குக் கூட்டி, இன்னொன்றுக்குக் கூட்டாமல் ஒப்பிடுவதுதான் மிகப் பொதுவான தவறு. செயலிகளில் தயாராகக் கிடைக்கும் EV/EBITDA எண்களும் தளத்துக்குத் தளம் மாறுவதற்கு இது ஒரு காரணம்.

நான்காவது, வங்கிகள். மேபேங்க் போன்ற வங்கிக்கு இவி போட வேண்டாம். மக்கள் போட்டுள்ள வைப்புத்தொகை கணக்கில் கடனாகத் தெரியும், ஆனால் அதுதான் வங்கி விற்கும் சரக்குக்கான மூலப்பொருள். அங்கே கடனையும் தொழிலையும் பிரிக்க முடியாது. வங்கிகளுக்கு பிஇயும், பங்கு விலையைக் கணக்கு மதிப்போடு ஒப்பிடும் விகிதமும்தான் பொருந்தும்.

எபிட்டாவுக்கும் ஒரு வரம்பு உண்டு. அது தேய்மானத்தைக் கண்டுகொள்வதில்லை. கிரேன்களையும் லோரிகளையும் அடிக்கடி மாற்ற வேண்டிய நிறுவனமும், குறைந்த சாதனங்களோடு ஓடும் நிறுவனமும் ஒரே மடங்கில் விற்றாலும் சமமானவை அல்ல. அப்படிப்பட்ட ஜோடியை ஒப்பிடும்போது, ஆண்டுதோறும் சாதனங்களுக்கு எவ்வளவு செலவிடுகிறார்கள் என்பதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

அப்போ அந்த நண்பருக்கு என்ன சொல்வது?

"600 மில்லியன்தானே" என்றவரிடம் இரண்டு எண்களைக் கேளுங்கள். நிகரக் கடன் எவ்வளவு? அது எத்தனை ஆண்டு எபிட்டாவுக்குச் சமம்? நம் உதாரணத்தில் ஆவின் நிகரக் கடன் 750 மில்லியன், 5 ஆண்டு எபிட்டா. அவுக்கு நிகரக் கடனே இல்லை.

நிலையான, நீண்டகால ஒப்பந்த வருமானம் உள்ள தொழிலால் 5 ஆண்டுக் கடனைச் சுமக்க முடியலாம். சரக்கு ஏறி இறங்கும் லோரித் தொழிலால் அதைச் சுமப்பது கடினம். அந்தப் பதில் கிடைத்த பிறகும் ஆ பிடித்திருந்தால் அவர் தாராளமாக வாங்கலாம். ஆனால் அதை "மலிவு" என்று சொல்லி வாங்க முடியாது.